பாடியது நான், பெயர் வேறொருவருடையது: மெயில் யாருக்குப் போக வேண்டும்?

"2009-ல் ஒரு அம்மன் பக்திப்பாடல் சிடியில் இரண்டு பாட்டு பாடினேன். இப்போது அந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங் ஆப்களில் வந்திருக்கிறது. ஆனால் என் இரண்டு பாட்டிலும் வேறொரு பாடகியின் பெயர் போட்டிருக்கிறார்கள். ஆப் நிறுவனத்துக்கு மூன்று முறை மெயில் அனுப்பிவிட்டேன், தானியங்கி பதில்தான் வருகிறது. எப்படி எழுதினால் திருத்துவார்கள்?"

அந்த மூன்று மெயிலையும் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அந்தப் பெயரை எழுதியது ஆப் நடத்துகிறவர்கள் இல்லை. ஆல்பத்தின் உரிமை வைத்திருக்கும் ஆடியோ கம்பெனியோ, அந்தக் கம்பெனி அமர்த்தியிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரோ அனுப்பிய தகவலை அவர்கள் அப்படியே காட்டுகிறார்கள். அடுத்தவர் கொடுத்த தகவலை, வெளியிலிருந்து வரும் ஒரு மெயிலை நம்பி அவர்கள் மாற்ற மாட்டார்கள். மாற்றினாலும் கம்பெனியிடமிருந்து அடுத்த முறை தகவல் வரும்போது பழைய பெயரே திரும்ப ஏறிவிடும். பழைய கேசட், சிடி ஆல்பங்களை டிஜிட்டலில் ஏற்றும் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடம் தகவல் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். அதாவது உங்களுடையதைப் போன்ற மெயில்கள் வந்து விழும் இடத்தில். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் இது எந்த வகைத் தவறு என்று பாருங்கள். பாட்டின் கீழே இருக்கும் பாடகியின் பெயரைத் தொடுங்கள். பெயர் உங்களுடையதாகவே இருந்து, தொட்டதும் அதே பெயருள்ள வேறொரு பாடகியின் பக்கம் திறந்தால், தகவல் சரியாக வந்து இணைப்பு தப்பாகப் போயிருக்கிறது. அதை ஆப் நிறுவனமே சரிசெய்ய முடியும். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் கலைஞர்களுக்கான தனிக் கணக்கு இருக்கிறது. என் பாட்டு வேறொருவர் பக்கத்தில் இருக்கிறது, அல்லது வேறொருவர் பாட்டு என் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல அதன் வழியாக வசதி உண்டு. எழுதியிருக்கும் பெயரே வேறு என்றால், அனுப்பிய தகவலிலேயே தவறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. உறுதி செய்துகொள்ள, அதே பாட்டை இன்னும் இரண்டு ஆப்களில் தேடுங்கள். எல்லாவற்றிலும் அதே தப்பான பெயர் என்றால் சந்தேகமே வேண்டாம், மூலத் தகவல் தப்பு.

இப்படி எப்படி நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் எக்செல் ஷீட்டில்தான். பழைய ஆல்பத்தை ஏற்றும்போது சிடியில் இருக்கும் பாட்டுகளை ஒலிக்கோப்புகளாக மாற்றி, கூடவே பாட்டுக்கு ஒரு வரிசையாகப் பெயர், பாடியவர், இசை, பாடல் வரி என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார். முதல் வரிசையில் பாடகி பெயரை அடித்துவிட்டு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசையிலும் அதே பெயர் நிரம்பிவிடும். பத்துப் பாட்டில் எட்டு ஒருவருடையது என்றால் தட்டச்சு செய்கிறவருக்கு இது பெரிய வசதி. மீதி இரண்டைத் திருத்த மறந்தால் உங்கள் கதை. இன்னொரு விதம், வரிசை நழுவுவது. நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போய், அதற்குக் கீழே எல்லாப் பெயரும் ஒரு பாட்டு தள்ளி விழும். ஆகவே அந்த ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் பாருங்கள். உங்கள் பெயர் எங்கேயுமே இல்லை என்றால் இழுத்து நிரப்பியது. நீங்கள் பாடாத பக்கத்துப் பாட்டில் உங்கள் பெயர் இருந்தால் நழுவியது. அப்படி நழுவியிருந்தால் உங்களைப் போல வேறு சிலரும் பாதிக்கப்பட்டிருப்பார்கள். "3, 4, 5, 6 ஆகிய நான்கு பாட்டிலும் பெயர் ஒரு வரிசை தள்ளியிருக்கிறது" என்று எழுதினால், வாசிக்கிறவருக்கு உடனே எங்கே தப்பு என்று பொறி தட்டும். "என் பெயர் வரவில்லை" என்பதைவிட அது பல மடங்கு வேலை செய்யும்.

அந்த ஷீட் கடைசியில் ஆப் நிறுவனத்துக்கு இப்படி ஒரு வடிவத்தில் போய்ச் சேர்கிறது. பெயர்ப் பகுதி மட்டும்:

```
<DisplayArtist SequenceNumber="1">
  <PartyName>
    <FullName>Karthik</FullName>
  </PartyName>
  <ArtistRole>MainArtist</ArtistRole>
</DisplayArtist>
```

இங்கே பெயர் ஒரு சொல்லாக மட்டும் இருக்கிறது, கவனியுங்கள். எந்த கார்த்திக் என்று சொல்ல அடையாள எண் எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க இடம் உண்டு, பழைய ஆல்பங்களை ஏற்றும்போது பலர் சேர்ப்பதில்லை. அப்போது ஆப் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கார்த்திக்குகளில் ஒருவரோடு ஒட்டவைக்கிறது. முதல் வகைத் தவறு பிறப்பது இங்கேதான்.

சரி, அனுப்பியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிடி உறையில் இருக்கும் கம்பெனியே இன்றைக்கும் உரிமையாளர் என்று நினைத்துவிடாதீர்கள். கேசட் காலத்துக் கம்பெனிகள் பல, தங்கள் பாட்டுகளை மொத்தமாக வேறொருவருக்கு விற்றுவிட்டன. ஆப்பில் ஆல்பத்தின் அடியில் ஒரு வட்டத்துக்குள் P எழுத்து, வருடம், ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் ஒலிப்பதிவுக்கு இப்போது உரிமை கோருகிறவர். அடுத்து, அதே பாட்டை யூடியூபில் தேடுங்கள். ஆல்பம் அட்டை மட்டும் அசையாமல் நிற்கும் வீடியோ ஒன்று வரும். அதன் விவரக் குறிப்பில் முதல் வரி `Provided to YouTube by` என்று தொடங்கி ஒரு நிறுவனத்தின் பெயரோடு முடியும், கடைசி வரி `Auto-generated by YouTube.` என்று இருக்கும். முதல் வரியில் இருப்பதுதான் யூடியூபுக்கு அனுப்பியவர். மற்ற ஆப்களுக்கும் பெரும்பாலும் அவரே அனுப்பியிருப்பார், ஆனால் கட்டாயமில்லை. சில கம்பெனிகள் யூடியூபுக்கு ஒருவரையும் மற்றவற்றுக்கு வேறொருவரையும் வைத்திருக்கின்றன. அதனால் மெயிலை உரிமையாளர் கம்பெனிக்கு அனுப்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு நகல் போடுங்கள்.

அப்புறம் எண்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து கொண்ட ஒரு அடையாளம் இருக்கிறது, திரையில் ISRC என்று வரும். முதல் இரண்டு எழுத்து நாட்டுக்கோ அதை வழங்கிய அமைப்புக்கோ உரியது, அடுத்த மூன்று பதிவு செய்தவருக்கு, அடுத்த இரண்டு வருடத்துக்கு, கடைசி ஐந்து வரிசை எண். அந்த வருடம் எண் வழங்கிய வருடம், பாடிய வருடம் இல்லை. 2009-ல் பாடிய பாட்டுக்கு 19 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். isrcsearch.ifpi.org என்ற தளத்தில் பாட்டின் பெயரை வைத்துத் தேடினால் பல சமயம் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் அடிக்கும் எழுத்துக்கூட்டல் மாறினால் கிடைக்காது என்பதால் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். ஆல்பம் முழுவதுக்கும் ஒரு பார்கோடு எண் உண்டு, அது UPC. இது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பாட்டின் இணைப்பைக் கொடுத்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

மெயிலை ஆங்கிலத்தில் அனுப்புவதுதான் நடைமுறைக்கு உதவும், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் அதை வாசிப்பவர் தமிழராக இல்லாமல் போகலாம். எதை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தமிழில் கீழே எழுதியிருக்கிறேன். தலைப்பிலேயே வேலை தெரிய வேண்டும்: "பாடகர் பெயர் திருத்தம்: ஆல்பம் பெயர், UPC எண், பாட்டு 3 மற்றும் 7".

"வணக்கம். மேலே உள்ள ஆல்பத்தில் மூன்றாவது, ஏழாவது பாட்டுகளைப் பாடியவர் நான். இரண்டிலும் இப்போது வேறொரு பாடகியின் பெயர் முதன்மைக் கலைஞராகக் காட்டப்படுகிறது. இரண்டு பாட்டின் இணைப்பும் ISRC எண்ணும் கீழே இருக்கின்றன. இரண்டிலும் அவர் பெயரை நீக்கிவிட்டு என் பெயரை, கீழே கொடுத்திருக்கும் எழுத்துக்கூட்டலில், முதன்மைக் கலைஞராக இட வேண்டுகிறேன். மற்ற எட்டுப் பாட்டிலும் அவர் பெயர் சரியாகவே இருக்கிறது, அவற்றை மாற்ற வேண்டாம். சிடி உள்ளட்டையின் படம் இணைப்பில் உள்ளது. பாட்டை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றாமல், அதே ISRC, அதே UPC எண்ணோடு தகவலை மட்டும் புதுப்பித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் எனக்கு ஏற்கெனவே இருக்கும் கலைஞர் பக்கத்தின் இணைப்பு இது. புதுப்பித்த தகவல் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இவ்வளவுதான். பதினைந்து வருட மனக்கசப்பு, அந்தப் பாட்டுக்காக எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். நியாயமான வருத்தம்தான், ஆனால் வாசிக்கிறவர் அதற்குள்ளிருந்து எண்ணைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால் மெயிலை நாளைக்குத் தள்ளிவிடுவார். நானே தள்ளியிருக்கிறேன்.

அந்த மெயிலில் இரண்டு வாக்கியம் சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் அவைதான் முக்கியம். ஒன்று, "நீக்கிவிட்டு". வெறுமனே "என் பெயரைச் சேர்க்கவும்" என்று எழுதினால் சேர்ப்பார்கள், பழைய பெயரும் அப்படியே இருக்கும், நீங்களும் அவரும் சேர்ந்து பாடிய ஜோடிப் பாட்டாக அது மாறிவிடும். இரண்டு, "எடுத்துவிட்டு மறுபடி ஏற்றாமல்". சில டிஸ்ட்ரிபியூட்டர் கணக்குகளில் பெயரை மாற்றுவதைவிட ஆல்பத்தை நீக்கிப் புதிதாக ஏற்றுவது சுலபமாக இருக்கும், அவசரக்காரர்கள் அதைச் செய்துவிடுவார்கள். புதிதாக ஏற்றும்போது புது ISRC கொடுத்துவிட்டால் ஆப்புக்கு அது வேறு பாட்டு. கேட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், மக்கள் தங்கள் பட்டியல்களில் சேர்த்து வைத்திருந்தது மங்கிப்போகும். அதே எண்ணும் அதே ஒலிக்கோப்பும் இருந்தால் பழைய எண்ணிக்கை பெரும்பாலும் தொடரும்.

ஆதாரத்தில் உள்ளட்டைக்கு மிஞ்சியது எதுவும் இல்லை, அதில் பாட்டுக்கு நேரே பெயர் அச்சாகியிருந்தால் போதும். அது இல்லையென்றால் சம்பள வவுச்சர், கம்பெனி கொடுத்த கடிதம், ஒலிப்பதிவுக் கூடத்தின் பதிவுத்தாள். இசையமைப்பாளரோ பாடலாசிரியரோ இரண்டு வரி எழுதிக் கொடுத்தாலும் கம்பெனிகள் ஏற்பதைப் பார்த்திருக்கிறேன். "குரலைக் கேட்டாலே தெரியும்" என்பது மட்டும் எடுபடாது. ஆப் நிறுவனமோ டிஸ்ட்ரிபியூட்டரோ நீதிபதி இல்லை. மறுபக்கத்துப் பாடகியும் தான்தான் பாடியதாகச் சொன்னால், அவர்கள் உரிமையாளர் கம்பெனியின் பேச்சையே கேட்பார்கள்.

அனுப்பிய பிறகு என்ன நடக்கும் என்பதற்கு நான் கையாண்ட ஒன்றைச் சொல்கிறேன். பத்து நாட்டுப்புறப் பாட்டு கொண்ட ஒரு கேசட். ஏ பக்கம் ஐந்தும் ஒருவர், பி பக்கம் ஐந்தும் இன்னொருவர். எங்கள் ஷீட்டில் பத்துக்கும் ஏ பக்கத்துக்காரர் பெயர், இழுத்து நிரப்பிய வேலை. பி பக்கத்துப் பாடகர் ஒரு வருடம் ஆப் நிறுவனங்களுக்கு எழுதி அலுத்துப்போய், யாரோ சொல்லிக்கொடுத்து கேசட் அட்டைப் படத்தோடு எங்களுக்கு எழுதினார். படத்தைப் பார்த்ததும் தப்பு எங்களுடையது என்று தெரிந்துவிட்டது. ஷீட்டைத் திருத்த பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கம்பெனியின் ஒப்புதல் வாங்க நான்கு நாள். அனுப்பிய பிறகு ஒரு ஆப்பில் மறுநாளே மாறியது, இன்னொன்றில் பதினைந்து நாள் ஆனது. இந்த இடைவெளி சகஜம். இடையில் உங்கள் போனில் மட்டும் பழைய பெயர் தெரிந்தால், பதிவிறக்கி வைத்திருக்கும் பாட்டை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அவர் கதை அத்தோடு முடியவில்லை. பெயர் மாறியது, ஆனால் தொட்டால் கேரளத்தில் பாடும் அதே பெயருள்ள வேறொருவரின் பக்கம் திறந்தது. அவர் அனுப்பிய மெயிலில் தன் கலைஞர் பக்கத்தின் இணைப்பைக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாவது வகைத் தவறைத் திருத்தப்போய் முதல் வகைத் தவறு வந்து உட்கார்ந்தது. இப்போதுதான் ஆப் நிறுவனத்துக்கு எழுதுவதில் பயன் இருந்தது. கலைஞர் கணக்கு வழியாக "இந்த ஐந்து பாட்டும் என்னுடையவை, என் பக்கம் இது" என்று கேட்டார், சில நாளில் மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்தால், அந்த ஐந்தில் ஒரு பாட்டு "கிராமியத் தேன்துளிகள்" என்கிற மாதிரித் தலைப்பு வைத்த ஒரு தொகுப்பிலும் இருந்தது. தொகுப்புக்குத் தனி UPC, தனித் தகவல், அதில் பழைய பெயரே. ஆகவே முதல் மெயிலுக்கு முன்னாலேயே உங்கள் பாட்டு எந்தெந்தத் தொகுப்புகளில் இருக்கிறது என்று தேடி எல்லாவற்றையும் ஒரே மெயிலில் சேர்த்துவிடுங்கள். அம்மன் பாட்டு என்றால் ஆடி மாதத் தொகுப்புகளில் கட்டாயம் தேடுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இனிஷியலுக்குப் பின் புள்ளி, இடைவெளி, ஒரு கூடுதல் h, இதில் ஒன்று மாறினாலும் புதுக் கலைஞர் பக்கம் உருவாகிவிட வாய்ப்பு உண்டு. உங்கள் மற்றப் பாட்டுகளில் எப்படி இருக்கிறதோ அதையே ஒரு எழுத்துகூட மாறாமல் கொடுங்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி மாதிரி இரட்டையர் பெயரை ஒரே பெயராக அனுப்பினால் ஒரு பக்கம், இரண்டாகப் பிரித்து அனுப்பினால் இரண்டு பக்கம் என்று ஆகும். பழைய ஆல்பங்களில் இரண்டும் கலந்து கிடப்பதற்கு அதுவே காரணம்.

கம்பெனி பதிலே போடவில்லை என்றால் இரண்டு வாரம் விட்டு அதே மெயிலின் தொடர்ச்சியாக நினைவூட்டுங்கள். புது மெயில் வேண்டாம், பழைய இணைப்புகள் கீழேயே இருக்கட்டும். அப்போது சட்டத்தை ஒரு வரியில் சொல்லலாம். 2012-ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்துகலைஞர் தன் நிகழ்த்தலுக்குத் தன்னை அடையாளம் காட்டும்படி கோரலாம் என்கிறது. பயன்படுத்தும் விதத்தால் பெயரை விடவேண்டி வரும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு. உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் இது உங்களிடமே இருக்கிறது. "அன்றைக்கே எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே" என்று கம்பெனி சொன்னால் அதற்குப் பதில் இந்தப் பிரிவுதான். முதல் மெயிலிலேயே இதைப் போடாதீர்கள். தட்டச்சுப் பிழையைத் திருத்தக் கேட்கும் மெயிலில் சட்டப்பிரிவைப் பார்த்தால் அதை வக்கீலுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே மாதக்கணக்கில் தூங்கும். நினைவூட்டியும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ் வரை போவதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் பெயரை மாற்றினால் பணம் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆப் நிறுவனம் பணத்தைத் திரையில் தெரியும் பெயருக்கு அனுப்புவதில்லை, பாட்டை அனுப்பிய டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது கம்பெனிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து உங்களுக்கு வருமா என்பது 2009-ல் நீங்கள் கையெழுத்திட்ட தாளைப் பொறுத்தது. பொது இடங்களில் ஒலிக்கும் பாட்டுக்குப் பாடகர்களுக்கு உரிய ராயல்டி தனி வழி. அதற்கு இசாம்ரா என்ற பாடகர், இசைக்கலைஞர் அமைப்பில் உறுப்பினராகி இந்த இரண்டு பாட்டையும் உங்கள் பெயரில் பதிய வேண்டும். ஆப்பில் பெயர் மாறியதால் அங்கே தானாக மாறாது. அங்கே பதியும்போதும் அந்த 12 எழுத்து எண் தேவைப்படும், மெயிலுக்காகத் தேடி எடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.